மாமி தந்த பெயர் தெரியாத கொடி என்ன, அதை எப்படி வளர்ப்பது?

"கண்டியில் இருக்கும் மாமி போன மாதம் வந்தபோது சாடியோடு ஒரு கொடி கொண்டுவந்து தந்தார். பெயர் அவருக்கும் தெரியாது. இலைகள் தடிப்பு, மெழுகு பூசினது போல, இரண்டிரண்டாக எதிரெதிரே வருகின்றன. இலையே இல்லாத ஒரு முழ நீளத் தண்டு அந்தரத்தில் நீட்டிக்கொண்டு நிற்கிறது. வரும்போது சின்ன நட்சத்திரம் போல ஒரு கொத்துப் பூ இருந்தது, இரவில் நல்ல வாசம். இப்போது பூ கொட்டிக் காம்பு மட்டும் மிச்சம். தினமும் தண்ணீர் விடுகிறேன், ஆனாலும் அடி இலைகள் மஞ்சளாகி மெத்தென்று போகின்றன. திருகோணமலை வெயிலுக்கு இது தாங்குமா? மொட்டைத் தண்டையும் பழைய காம்பையும் வெட்டிவிடலாமா?"

வெட்ட வேண்டாம், இரண்டையுமே. தண்ணீரையும் இன்றோடு நிறுத்துங்கள். இது அநேகமாக ஹோயா என்ற கொடி, காரணத்தை ஆறுதலாகச் சொல்கிறேன்.

பெயர் தெரியாத கன்று வீட்டுக்கு வந்தால் எல்லோரும் முதலில் பூவைப் பார்த்துப் பெயரைத் தேடுவார்கள். உயர்தர வகுப்புக்குத் தாவரவியல் படிப்பித்த காலத்தில் நான் பிள்ளைகளுக்குச் சொன்னது வேறு ஒழுங்கு. இலையையும் அது வளரும் விதத்தையும் முதலில் பாருங்கள், அதற்கு என்ன தேவை என்பது பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும். பூ பிறகு வந்து குடும்பத்தையும் பெயரையும் உறுதிப்படுத்தும். உங்கள் கேள்வியில் மூன்றுமே இருக்கின்றன. அதனால் படம் இல்லாமலே கொஞ்சத் தூரம் போகலாம்.

இலையிலிருந்து தொடங்குவோம். தடித்த, மெழுகு படிந்த இலை என்றால் அந்தக் கன்று தண்ணீரை இலையிலேயே சேமித்து வைக்கிறது. வேருக்கு அடிக்கடி தண்ணீர் கிடைக்காத இடத்தில் வாழப் பழகியது அது. இந்த ஒரு குறிப்பே தினமும் தண்ணீர் விடுவது சரியா என்று உங்களைச் சந்தேகப்பட வைத்திருக்க வேண்டும். ஆனால் தடிப்பை மட்டும் வைத்துப் பெயர் சொல்ல முடியாது. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத பல குடும்பங்களில் தடித்த இலை உண்டு. அதைவிடப் பெறுமதியானது நீங்கள் சொன்ன அடுத்த விஷயம், இலைகள் எதிரெதிரே இரண்டிரண்டாக வருவது. மணிபிளான்ட், வெற்றிலை, மிளகு எல்லாம் கணுவுக்கு ஒரு இலை மாறி மாறி விடுபவை. அவை அத்தனையும் இந்த இடத்திலேயே விலகிவிடும்.

இனி ஒரு சின்னச் சோதனை. எப்படியும் விழப்போகும் மஞ்சள் இலை ஒன்றின் காம்பில், தண்டோடு சேரும் இடத்துக்குப் பக்கத்தில், ஊசியால் இலேசாகக் குத்துங்கள். வெள்ளையாகப் பால் வருகிறதா என்று பாருங்கள். மஞ்சள் இலையில் ஒன்றும் வராவிட்டால் பச்சை இலைக் காம்பு ஒன்றிலும் ஒரு தடவை குத்திப் பார்க்கலாம், கன்றுக்கு ஒன்றும் ஆகாது. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள். பால் வடிக்கும் கன்றுகளில் சில கண்ணில் பட்டால் கடுமையாக எரிக்கும். எது என்று தெரியாதபோது எல்லாவற்றையும் அப்படித்தான் நடத்த வேண்டும்.

எதிரிலை, பால், சுற்றிப் படரும் கொடி ஆகிய மூன்றும் ஒன்றாக இருந்தால் அது அநேகமாக அரளி, எருக்கு, நந்தியாவட்டை சேர்ந்த குடும்பம். கொடி என்பதை ஏன் சேர்க்கிறேன் என்றால், எங்கள் கடற்கரைப் புன்னைக்கும் எதிரிலையும் பாலும் உண்டு. ஆனால் புன்னை மரம். ஒரு அடையாளத்தை மட்டும் பிடித்துக்கொண்டு முடிவுக்கு வந்தால் இப்படித்தான் வழுக்கும். இரண்டு மூன்று சேர்ந்து வரும்போதுதான் பிடி இறுகும்.

அடுத்தது வளரும் விதம். அந்த மொட்டைத் தண்டை நீங்கள் ஏதோ குறை என்று நினைத்திருக்கிறீர்கள். எனக்கு அதுதான் உங்கள் கேள்வியில் மிக நல்ல தடயம். சில கொடிகள் முதலில் தண்டை மட்டும் நீளமாக விட்டு, பிடிக்க ஒரு கிளை கிடைக்கிறதா என்று துழாவும். பிடி கிடைத்துச் சுற்றிய பிறகுதான் கணுக்களில் இலை பெரிதாகும். இப்போதே அதன் கணுக்களை உற்றுப் பாருங்கள். ஒவ்வொரு கணுவிலும் அரிசிக் குறுணி அளவில் இரண்டு இலைக் குருத்துகள் எதிரெதிரே ஒட்டிக்கொண்டு இருக்க வேண்டும். சில கணுக்களின் கீழ்ப் பக்கத்தில் பழுப்பு நிறத்தில் குட்டை வேர்கள் மருக்கள் போலத் தள்ளிக்கொண்டும் நிற்கலாம். அவை இருந்தால் இது மரத்தில் ஒட்டி வாழும் கொடி. நிலத்து மண்ணில் வேர்விட்டு வாழ்வது அதன் பிறவிப் பழக்கம் இல்லை. காட்டில் இதன் வேர் மரப்பட்டையின் வெடிப்புகளில், கொஞ்சம் பாசி, கொஞ்சம் உக்கிய இலை, நிறையக் காற்று உள்ள இடத்தில் இருக்கும். மழை பெய்தால் முழுக்க நனையும், சில மணி நேரத்தில் காய்ந்துவிடும்.

இப்போது பூ. உங்கள் பக்கத்திலேயே இதற்கு ஒரு பாடப்புத்தகம் நிற்கிறது. வெளியே போய் வீதியோரத்து எருக்கில் ஒரு பூவைப் பறித்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். வெளியே ஐந்து தடித்த மெழுகு இதழ்கள். நடுவில் இதழ்களோடு ஒட்டாத இன்னொரு அமைப்பு, கிரீடம் வைத்ததுபோல எழுந்து நிற்கும். அந்தக் கிரீடத்தின் ஓரமாக நிற்கும் ஐந்து சிறு பிளவுகளில் ஒன்றில் ஊசி நுனியை விட்டு மேலே இழுத்தால், கறுப்புப் புள்ளி ஒன்றில் தொங்கும் இரண்டு மஞ்சள் பைகள் ஊசியோடு வரும். மகரந்தம் தூளாக இல்லாமல் பையாகவே பூச்சியின் காலில் மாட்டிக்கொண்டு போகும் ஏற்பாடு அது. உங்கள் மாமி தந்த கொடியின் பூவிலும் நட்சத்திரத்துக்குள் இன்னொரு சின்ன நட்சத்திரம் பளபளவென்று இருந்ததா? அப்படியென்றால் இரண்டும் ஒரே வகைப் பூ அமைப்பு. எருக்கு வெயிலில் நிற்கிறது, இது மரத்தில் தொங்குகிறது, அவ்வளவுதான்.

தடித்த எதிரிலை, பால், துழாவும் மொட்டைத் தண்டு, ஒரே புள்ளியில் இருந்து விரியும் கொத்து, நட்சத்திரத்துக்குள் நட்சத்திரம், இரவு வாசம், எல்லாவற்றுக்கும் மேலாகப் பூ கொட்டிய பிறகும் தங்கிநிற்கும் காம்பு. இவ்வளவும் சேர்ந்தால் இது ஹோயா. பால் சோதனையும் ஒத்துவந்தால் எனக்கு இதில் சந்தேகம் இல்லை. இதோடு குழப்பக்கூடியது ஒன்றுதான், கல்யாணப் பூச்செண்டுகளுக்குப் பாவிக்கும் ஸ்டெபனோட்டிஸ். அதற்கும் தடித்த எதிரிலை, பால், படரும் தண்டு எல்லாம் உண்டு. ஆனால் அதன் பூ வெள்ளையாக, மல்லிகையைப் பெரிதாக்கியது போல நீண்ட குழாயோடு இருக்கும். சின்ன நட்சத்திரம் என்று நீங்கள் சொல்வதோடு அது பொருந்தாது.

எந்த ஹோயா என்பது வேறு கேள்வி. ஹோயாவில் நூற்றுக்கணக்கான இனங்கள் இருக்கின்றன, எங்கள் நாட்டு ஈரக் காடுகளிலும் சில உண்டு. வீடுகளில் அதிகம் கைமாறுவது ஹோயா கார்னோசா. வெளிறிய இளஞ்சிவப்புப் பூ, நடுவில் சிவப்பு, இதழின் மேல் மெல்லிய வெல்வெட் மயிர், நரம்பு சரியாகத் தெரியாத நீள்வட்ட இலை. மலைநாட்டு வீட்டு விறாந்தையில் இருந்து வந்திருப்பதால் அதுவாக இருக்க வாய்ப்பு அதிகம், ஆனால் இது ஊகம். பூ கடும் சிவப்பு அல்லது மாநிறமாகவும் இலை நீளமாகச் சாம்பல் புள்ளிகளோடும் இருந்தால் ஹோயா புபிகேலிக்ஸ் பக்கம் போக வேண்டும். இலை வட்டமாகப் பூ வெள்ளையாக இருந்தால் ஹோயா ஆஸ்திராலிஸை நினைக்கலாம். பூ இல்லாமல் இலையை மட்டும் வைத்து இனப் பெயரை உறுதியாகச் சொல்பவரை நான் நம்பமாட்டேன்.

இனப் பெயர் உங்களுக்குத் தேவைப்படுவது ஒரே ஒரு இடத்தில், வெப்பத்தில். கண்டி ஏறக்குறைய 500 மீற்றர் உயரம், அங்கே இரவு குளிரும். எங்களுக்கு இந்தக் கச்சான் காலத்தில் நடு இரவில்கூட வியர்க்கிறது. கார்னோசா தென்சீனம், தாய்வான் பக்கத்துக் கொடி. இரவு குளிர்ந்தால் அது உற்சாகமாக இருக்கும். இங்கே சாகாது, ஆனால் கண்டியில் பூத்த அளவுக்குப் பூக்கும் என்று வாக்குத் தரமாட்டேன். தாழ்நில இனமாக இருந்தால் இங்கேயே சந்தோஷமாக இருக்கும். எதுவானாலும் மண், தண்ணீர், வெளிச்சம் ஆகிய மூன்றிலும் செய்ய வேண்டியது கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால் பெயருக்காகக் காத்திருக்காமல் வேலையைத் தொடங்கலாம்.

முதலில் அந்த மஞ்சள் இலை. ஹோயா இலை இரண்டு விதமாகக் கெடும். தண்ணீர் போதாவிட்டால் இலை மெலிந்து, சுருங்கி, வளைத்தால் தோல் போல மடியும். தண்ணீர் கூடினால் அடி இலைகள் மஞ்சளாகி மெத்தென்று ஆகி, தொட்டதும் கழன்று விழும். உங்களுடையது இரண்டாவது. இதில் ஒரு பொறி இருக்கிறது. வேர் அழுகிய பிறகு கன்றால் தண்ணீரை உறிஞ்ச முடியாது, ஆகவே மண் ஈரமாக இருக்கும்போதே இலை சுருங்கத் தொடங்கும். அதைக் கண்டு தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றினால் கதை முடிந்தது. சுருங்கிய இலையைக் கண்டால் தண்ணீரை எடுக்கும் முன் விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள்.

நீங்கள் இப்போது செய்ய வேண்டியது, சாடியைச் சரித்து மண்கட்டியோடு கன்றை மெல்ல வெளியே எடுப்பது. நல்ல வேர் வெள்ளையாகவோ இளம் பழுப்பாகவோ இறுக்கமாக இருக்கும். அழுகியது கடும் பழுப்பாக இருக்கும், பிடித்து இழுத்தால் மேல்தோல் உறைபோலக் கழன்று நடுவில் நூல் மட்டும் மிஞ்சும். அவற்றைச் சுத்தமான கத்தரிக்கோலால் வெட்டிவிடுங்கள். மலைநாட்டுச் செம்மண்ணில் நட்டுத் தந்திருந்தால் அதை வேரிலிருந்து முடிந்தவரை உதிருங்கள். அந்த மண் தண்ணீர் பட்டால் களியாக இறுகி, வேருக்குக் காற்றே விடாது. வேரில் பாதிக்கு மேல் நன்றாக இருந்தால் பயப்பட ஒன்றும் இல்லை.

திரும்ப நடுவதற்குப் பூந்தோட்ட மண் வேண்டாம். பொச்சுமட்டையைச் சுண்டுவிரல் நகம் அளவுக்கு வெட்டி இரண்டு பங்கு, உடைத்த சிரட்டைக்கரி ஒரு பங்கு, நன்றாக உக்கிய இலைப் பசளை ஒரு பங்கு போதும். மட்டையை அப்படியே போடாதீர்கள். எங்கள் பக்கத்தில் மட்டையைக் களப்புத் தண்ணீரில் ஊறப்போடும் வழக்கம் இருக்கிறது, அந்த உப்பு வேரைச் சுடும். ஊறப்போடாத மட்டையை வாங்கி, ஒரு வாளி நல்ல தண்ணீரில் மூன்று நாலு நாள் வைத்து, சாயம் இறங்க இறங்கத் தண்ணீரை மாற்றுங்கள். சாடி பெரிதாக இருக்கக்கூடாது. வேர்க்கட்டியைச் சுற்றி ஒரு விரல் இடைவெளி இருந்தால் சரி. ஹோயாவுக்கு நெருக்கம் பிடிக்கும், பெரிய சாடியில் வேர் இல்லாத கலவை ஈரமாகவே கிடந்து மறுபடியும் அழுகலைத் தொடங்கும். மண்சாடி கிடைத்தால் மிக நல்லது, பிளாஸ்டிக் என்றால் அடியில் ஓட்டைகளைக் கூட்டிவிடுங்கள். நட்டபின் ஒரு வாரம் நிழலில் விட்டு, வெட்டிய இடங்கள் ஆறிய பிறகு தண்ணீர் ஊற்றுங்கள்.

அதன் பிறகு எத்தனை நாளுக்கு ஒரு தடவை என்று கேட்பீர்கள். நாள்கணக்கை நம்பாமல் சாடியைத் தூக்கிப் பாருங்கள். தண்ணீர் விட்ட அன்று ஒரு தடவை தூக்கி அந்தப் பாரத்தைக் கையில் பதித்துக்கொண்டால், காய்ந்த சாடி இலேசாக இருப்பது சட்டென்று தெரியும். கச்சான் அடிக்கும் மே முதல் ஓகஸ்ட் வரை இந்தக் கலவை மூன்று நாலு நாளில் காய்ந்துவிடும். மாரி தொடங்கி ஜனவரி வரை வாரக்கணக்கில் தண்ணீரே தேவைப்படாமல் போகலாம். அந்த மாதங்களில் சாடி கூரைக்குக் கீழே இருக்க வேண்டும். இடைவிடாத வாடை மழையில் நனைந்து அழுகிப்போகும் ஹோயாக்கள்தான் இங்கே அதிகம். ஊற்றும்போது சாடியின் அடியால் ஓடும் வரை ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். உங்கள் வீடு கடலுக்குக் கிட்ட என்றால் கிணற்றுத் தண்ணீரில் உப்பு இருக்கும். சாடி விளிம்பிலும் கலவையின் மேலும் வெள்ளைப் படை கட்டுகிறதா என்று பாருங்கள். கட்டினால் மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்து அவ்வப்போது சாடி முழுக்கக் கழுவிப் போகும்படி ஊற்றுங்கள்.

வெளிச்சத்துக்குக் கிழக்குப் பார்த்த விறாந்தைதான் சிறந்தது. காலை ஒன்பது, ஒன்பதரை வரை நேர்வெயில், பிறகு பிரகாசமான நிழல். வெயில் கூடினால் இலை மஞ்சள் ஓடிச் சிவக்கும், பிறகு காய்ந்த திட்டுகள் விழும். அந்தத் திட்டு ஆறாது, இலை விழும்வரை அப்படியே இருக்கும். வெளிச்சம் போதாவிட்டால் இலை கரும்பச்சையாக அழகாகத்தான் இருக்கும், ஆனால் கணுவுக்குக் கணு தூரம் கூடி, பூ மட்டும் வராது. மத்தியானக் கச்சான் நேரே அடிக்கும் மூலையைத் தவிர்த்துவிடுங்கள், சாடி ஒரே நாளில் உலர்ந்துபோகும்.

நீங்கள் வெட்டக் கேட்ட இரண்டுக்கும் வருவோம். மொட்டைத் தண்டுக்கு ஒரு ஈர்க்கையோ கம்பியையோ காட்டிக் கொடுங்கள், தானாகச் சுற்றும். முனை கறுத்துக் காய்ந்தால் மட்டும் காய்ந்த பகுதியை எடுக்கலாம். பழைய பூக்காம்பு இன்னும் முக்கியம். பெரும்பாலான ஹோயாக்கள் அடுத்த கொத்தையும் அதே காம்பின் நுனியில்தான் விடும். நுனியில் வளையம் வளையமாக இருக்கும் தழும்புகள் முன்பு விழுந்த பூக்களின் இடங்கள். அவை நிறைய இருந்தால் அந்தக் காம்பு மாமி வீட்டில் பல தடவை பூத்திருக்கிறது. அதை வெட்டினால் புதுக் காம்பு வரும்வரை பூவை மறந்துவிட வேண்டியதுதான். மொட்டு வந்த பிறகு சாடியை இடம் மாற்றாதீர்கள், மொட்டுகள் பொலபொலவென்று கொட்டும். பூத்தால் தேன் சொட்டும், கீழே கதிரை, புத்தகம் எதுவும் வைக்க வேண்டாம்.

வேர் பாதிக்கு மேல் போயிருந்தால் காப்புக்காக ஒரு துண்டு வெட்டி வையுங்கள். இரண்டு கணு உள்ள முற்றிய தண்டு, கீழ்க் கணுவின் இலையை நீக்கி, பால் காயும்வரை ஒரு மணி நேரம் வைத்து, ஈரத் தும்பில் அந்தக் கணு புதையும்படி நடுங்கள். நிழலில் வைத்தால் ஒரு மாதத்துக்குள் வேர் பிடிக்கும். கணு இல்லாத தனி இலையை நட்டால் அது வேர் விடலாம், வருடக்கணக்கில் பச்சையாகவும் இருக்கலாம், கொடியாக மட்டும் மாறாது. அன்பளிப்பாக விற்கும் ஒற்றை இருதய இலை ஹோயா வாங்கி ஏமாறுகிறவர்களின் கதை பெரும்பாலும் இதுதான்.

பூச்சியில் இரண்டைக் கவனியுங்கள். இலைக் காம்பின் கக்கத்தில் வெள்ளைப் பஞ்சு போல மாவுப்பூச்சி, இளம் முனையில் மஞ்சள் உடலும் கறுத்த காலும் உள்ள அசுவினி. இந்த மஞ்சள் அசுவினி எருக்கிலும் அரளியிலும் மொய்ப்பது, ஆகவே அரளி வேலிக்குப் பக்கத்தில் இதைத் தொங்கவிடாதீர்கள். எறும்பு வரிசையாக ஏறுவதைக் கண்டால் மேலே ஏதோ ஒன்று இருக்கிறது என்று அர்த்தம். முதலில் தண்ணீரைப் பீச்சிக் கழுவுங்கள், போகாவிட்டால் சில துளி சவர்க்காரம் கரைத்த தண்ணீரில் துணியை நனைத்து மாலையில் துடைத்துவிடுங்கள்.

இனத்தையும் அறிய ஆசை என்றால் மூன்று படம் போடுங்கள். இலையின் மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் அளவுகோலோடு, பூக்காம்பின் நுனி கிட்டத்தில், அடுத்த தடவை பூத்தால் ஒரு பூ நேர் முன்னாலிருந்தும் பக்கவாட்டிலும். வரும்போது இருந்த பூ என்ன நிறம் என்று இப்போதே எழுதினால் பாதி வேலை முடிந்துவிடும்.